பங்கு மட்டும் வீங்கிவிட்டால்: விற்பதா, புதுக்காசு போடுவதா, அப்படியே விடுவதா?

களுவாஞ்சிக்குடியில் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். கையில் 10 இலட்சம் ரூபா. அதில் 6 இலட்சத்தை வங்கியில் நிலையான வைப்பில் போட்டார், 4 இலட்சத்துக்குக் கொழும்புப் பங்குச் சந்தையில் நாலைந்து கம்பனிப் பங்குகள் வாங்கினார். அறுபதுக்கு நாற்பது என்று யோசித்து வைத்த பிரிப்பு அது. இரண்டு வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. பங்குகள் இரட்டித்து 8 இலட்சம் ஆகிவிட்டன. வைப்பு, வரி போக வட்டியும் சேர்ந்து 6 இலட்சத்து 90 ஆயிரம். மொத்தம் 14 இலட்சத்து 90 ஆயிரம்.

சந்தோசமான விஷயந்தான். ஆனால் பிரிப்பு மாறிவிட்டது. பங்கின் கை இப்போது நூற்றுக்கு 54. அவர் ஒரு பங்கும் புதிதாக வாங்கவில்லை, ஆனாலும் முன்னைவிடத் துணிச்சலான முதலீட்டாளர் ஆகிவிட்டார். 2022இல் நடந்ததுபோல அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 30 வீதம் விழுந்தால் 8 இலட்சத்தில் 2 இலட்சத்து 40 ஆயிரம் போகும். மாதம் 10 ஆயிரம் மிச்சம் பிடிக்கிறவருக்கு அது இரண்டு வருடச் சேமிப்பு. பங்கு நாற்பதிலேயே நின்றிருந்தால் போவது 1 இலட்சத்து 80 ஆயிரம் அளவில். இடையிலுள்ள 60 ஆயிரம், அதாவது ஆறு மாதச் சேமிப்பு, யாரும் கேளாமலே ஏற்றுக்கொண்ட ஆபத்து.

வருடத்துக்கு ஒருமுறை இதைச் சரிக்கட்ட நாலு வழி உண்டு: பங்கை விற்று வைப்பில் போடுவது, விற்காமல் புதுக்காசை மட்டும் வைப்புப் பக்கம் திருப்புவது, ஓர் எல்லை வைத்து அதைத் தாண்டினால் மட்டும் கை வைப்பது, ஒன்றும் செய்யாமல் விடுவது.

ஒன்றும் செய்யாமல் விட்டால்

கடைசியாகச் சொன்ன வழியை முதலில் பார்ப்போம். பெரும்பாலானோர் செய்வது அதுதான், அதற்கு நியாயமும் இல்லாமல் இல்லை. ஏறுகிற மாட்டை ஏன் அவிழ்த்து விடவேண்டும்?

சொல்லிப் பார்ப்பதைவிடக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2020 முடிவில் 5 இலட்சம் பங்கிலும் 5 இலட்சம் அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுக்கும் ஒரு வருடத் திறைசேரி உண்டியலிலும் போட்டதாக வைத்துக்கொள்வோம். சுட்டி அப்போது சுமார் 6,774. பிறகு வந்த நாலு வருட முடிவுகளில் அது சுமார் 12,226, 8,490, 10,654, 15,945. உண்டியல் வட்டி அந்தந்த வருடத் தொடக்கத்தில் கிட்டத்தட்ட 5, 8, 29, 13 வீதம். கம்பனிகள் பங்குதாரருக்குத் தரும் பங்கிலாபம், வரி, கட்டணம் எதையும் சேர்க்காத வெறும் கணக்கு இது. சுட்டியை அப்படியே யாரும் வாங்கி வைத்திருப்பதும் இல்லை. ஆனாலும் போக்கு தெரியும்.

கை வைக்காமல் விட்டவரின் 10 இலட்சம் 2024 முடிவில் 20 இலட்சம். ஒவ்வொரு டிசம்பரிலும் பாதிக்குப் பாதி ஆக்கியவரின் 10 இலட்சம் 21 இலட்சத்து 16 ஆயிரம். விற்று வாங்கிய கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் 4 ஆயிரத்துக்குள். வித்தியாசத்தில் பெரும்பகுதி ஒரே இடத்தில் வந்தது. 2021 முடிவில் பங்கு 80 வீதம் ஏறியிருந்தபோது இவர் 1 இலட்சத்து 89 ஆயிரத்துக்குப் பங்கு விற்றார். அடுத்த வருடம் சந்தை சரிந்தபோது இவருடைய மொத்தம் 11 வீதம் குறைந்தது, மற்றவருடையது 16 வீதம். அந்தச் சரிவின் அடியில், 2022 முடிவில், இவர் உண்டியலிலிருந்து 1 இலட்சத்து 38 ஆயிரத்தை எடுத்துப் பங்கு வாங்கினார்.

இதை மட்டும் காட்டி வருடாவருடம் சரிக்கட்டுவதே இலாபம் என்று சொல்பவரை நம்பவேண்டாம். அதே கணக்கை 2023 முடிவில் தொடங்கிப் பாருங்கள். 2024இல் பங்கு 50 வீதம் ஏறியது. பாதிக்குப் பாதி ஆக்க 91 ஆயிரத்துக்குச் சொச்சம் பங்கு விற்றிருப்பார். 2025 ஓகஸ்டில் சுட்டி 20,000 ஐத் தாண்டியது. விற்காமல் வைத்திருந்தால் அந்த 91 ஆயிரம் அதற்குள் 23 ஆயிரம் ஈட்டியிருக்கும். உண்டியலில் கிடைத்தது 5 ஆயிரம் போல. தொடர்ந்து ஏறுகிற வருடங்களில் சரிக்கட்டுகிறவருக்குத்தான் நட்டம்.

ஆகவே இது கூடுதல் இலாபத்துக்கான வழி அல்ல. முதல் நாள் தாங்குவேன் என்று நினைத்த சரிவின் அளவு, நமக்குத் தெரியாமலே பெரிதாகிவிடாமல் வைத்திருக்கிற வழி. பதினைந்து வருடத்துக்கு அந்தக் காசு தேவையில்லை, பாதி போனாலும் தூக்கம் வரும் என்றால் விட்டுவிடலாம். வீட்டுக்குக் கூரை போட, பிள்ளையைப் படிக்க அனுப்ப மூன்று வருடத்தில் எடுக்கவேண்டிய காசு என்றால் விடக்கூடாது.

விற்பது: கட்டணம் சின்னது, விலைதான் கவனம்

நம்முடைய ஆசிரியை நாற்பதுக்குத் திரும்பவேண்டுமானால் பங்கு 5 இலட்சத்து 96 ஆயிரமாக இருக்கவேண்டும். விற்கவேண்டியது 2 இலட்சத்து 4 ஆயிரம். தரகர் கூலி, சந்தைக்கும் அதை மேற்பார்க்கும் ஆணைக்குழுவுக்கும் போகும் கட்டணங்கள், பங்குக் கைமாற்று வரி எல்லாம் சேர்த்து 1.12 வீதம், வாங்கும்போதும் அதே வீதம். இங்கே 2,285 ரூபா. தனிநபர் ஒருவர் சந்தையில் பட்டியலிட்ட பங்கை விற்று வரும் மூலதன இலாபத்துக்கு வருமான வரி இல்லை. காசு இரண்டு வேலை நாளில் தரகர் கணக்குக்கு வரும், அங்கிருந்து வங்கிக்கு மாற்றலாம்.

இவ்வளவும் சுலபம். கோளாறு வருவது விற்கும் விலையில். கொழும்பில் பல பங்குகள் ஒரு நாளைக்குக் கொஞ்சந்தான் கைமாறும். செயலியில் ஒரு பங்கின் கடைசி விலை 104 என்று காட்டுகிறது. நீங்கள் 1,000 பங்கு விற்கவேண்டும். கணக்கில் 1 இலட்சத்து 4 ஆயிரம் என்று எழுதிவிட்டீர்கள். ஆனால் வாங்குவோர் வரிசையைத் திறந்து பார்த்தால் 102க்கு 150 பங்குதான் கேட்கிறார்கள், அடுத்தவர் 99.50க்கு நிற்கிறார். சந்தை விலைக்கே விற்கும்படி கட்டளை கொடுத்தால் 150 பங்கு 102க்கும் மிச்சம் 850 பங்கு 99.50க்கும் போகும். எழுதி வைத்த கணக்கைவிட 4,125 ரூபா குறைவு. கட்டணத்தைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகம்.

இதனால் விலை குறித்த கட்டளைதான் போடவேண்டும். 103 என்று போட்டுவிட்டு, இரண்டு மூன்று கிழமைக்குப் பிரித்து விற்கலாம். வருடத்துக்கு ஒருமுறை செய்யும் வேலைக்கு மூன்று கிழமை தாமதம் ஒன்றும் இல்லை. சந்தை திறந்த காலை ஒன்பதரைக்கே விற்க நிற்கவேண்டியதும் இல்லை. வரிசை கொஞ்சம் நிரம்பட்டும். ஒரு நாள் முழுக்க ஒரு பங்கும் போகவில்லை என்றால், 104 என்பது இரண்டு நாளைக்கு முந்திய விலையோ என்று பார்க்கவேண்டும். அப்படியானால் உங்கள் 8 இலட்சமே உண்மையில் 8 இலட்சம் அல்ல.

எதை விற்பது என்பது இரண்டாவது கேள்வி. பங்குப் பக்கம் முழுவதும் ஒரே அளவில் வீங்காது. பெரும்பாலும் ஒரு கம்பனிதான் மூன்று மடங்கு ஏறிப் பையைத் தூக்கியிருக்கும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினால் அந்த ஒன்றின் பாரம் அப்படியே நிற்கும். வீங்கியதிலிருந்தே வெட்டுவது நல்லது. நடைமுறையில் நடப்பது நேர்மாறு: ஏறாத பங்கின் மேல் உள்ள கோபத்தில் அதை விற்றுவிட்டு, ஏறியதைக் குலதெய்வம்போல் வைத்திருப்பார்கள். விகிதம் தாளில் நாற்பதாகிவிடும், ஆபத்தோ ஒரு கம்பனியின் தலையில் குந்தியிருக்கும்.

பங்கிலாபம் அறிவித்திருந்தால் அதைப் பெறும் உரிமை முடியும் நாளையும் பாருங்கள். பங்கிலாபத்துக்கு 15 வீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். விலை ஏற்றத்துக்கு வரி இல்லை. உரிமை நாள் கழிந்ததும் விலை ஏறக்குறைய அந்தப் பங்கிலாபத்தின் அளவு இறங்கும். எப்படியும் விற்கப் போகும் பங்கு என்றால் அதற்கு முன் விற்பது சில நூறு ரூபா நயம்.

பலரின் காசைச் சேர்த்து முதலிடும் யூனிட் ட்ரஸ்ட் மூலம் பங்கில் இருப்பவருக்கு வரிசைத் தொல்லை இல்லை. அன்றைய அலகு விலைக்கு நிறுவனமே திருப்பி எடுக்கும். சில நிதிகள் குறித்த காலத்துக்குள் விலகினால் கட்டணம் பிடிக்கும். விண்ணப்பத்தோடு தந்த விளக்கத்தில் அது இருக்கும், முதலில் அதைப் பார்த்துவிட்டு விற்கவும்.

புதுக்காசு போடுவது: சின்ன விலகலுக்கு மட்டும்

விற்க மனம் வராதவர்களுக்குப் பிடித்த வழி இது. பங்கைத் தொடவேண்டாம், இனி வரும் காசை எல்லாம் வைப்பில் போட்டால் விகிதம் தானாகச் சரியாகும். கட்டணமும் இல்லை.

சரியாகுமா என்று ஒரு வரியில் பார்க்கலாம். விற்கவேண்டிய தொகையைப் பங்கின் இலக்கு விகிதத்தால் வகுங்கள். 2 இலட்சத்து 4 ஆயிரத்தை 0.4 ஆல் வகுத்தால் 5 இலட்சத்து 10 ஆயிரம். விற்காமல் நாற்பதுக்கு வர அவ்வளவு புதுக்காசு வைப்புக்குப் போகவேண்டும். ஆசிரியை வருடம் முழுக்கச் சேர்ப்பது 1 இலட்சத்து 20 ஆயிரம். அதை அப்படியே போட்டாலும் பங்கு 54இலிருந்து ஐம்பதுக்குத்தான் இறங்கும். அடுத்த வருடம் பங்கு இன்னும் ஏறினால் இலக்கு அவரை விட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பை சின்னதாக, வருடச் சேமிப்பு அதில் கால்வாசியாக இருக்கிற ஆரம்ப வருடங்களில் இந்த வழி ஒன்றே போதும். பை பெருத்தபின் போதாது.

நம் பக்கத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பெரும்போக வேளாண்மை வெட்டி, மாசி பங்குனியில் நெல்லுக் காசு கையில் வரும். அதைப் புதுக்காசு என்று நினைத்து ஒரு வருட வைப்பில் போட்டுவிடுவார்கள். சித்திரையில் சிறுபோக ஆரம்பக் கூட்டம் வைத்துத் தண்ணீர் திறக்கும் திகதி சொன்னதும் உழவு, விதைநெல், பசளை, கிருமிநாசினி என்று செலவு வரிசையாக நிற்கும். அப்போது வைப்பை முறிக்கவேண்டும், அல்லது நகையை அடகு வைக்கவேண்டும். நெல்லுக் காசில் அடுத்த போகச் செலவை ஒதுக்கி, கடைக்கடனையும் கட்டி, அதன் பிறகு மிஞ்சுவது மட்டுமே புதுக்காசு. வட்டையில் வயல் உள்ள பலருக்கு அது பூச்சியமாகவும் இருக்கும். அந்தக் காசை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே சரி.

எல்லை வைத்துச் செய்வது

நாற்பது என்றால் 35க்கும் 45க்கும் இடையில் இருக்கும் வரை கை வைப்பதில்லை. வருடத்தில் ஒரு நாள் பார்க்கிறோம். வெளியே போயிருந்தால் மட்டும் வேலை. நம்மைப்போல் சின்னப் பைக்கு இதுதான் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். 42 ஆகிவிட்டது என்று 20 ஆயிரத்துக்குப் பங்கு விற்பது கட்டணத்துக்கும் நேரத்துக்கும் பெறாது.

தாண்டிவிட்டால் எங்கே திரும்புவது, நாற்பதுக்கா அல்லது நாற்பத்தைந்து என்ற எல்லைக்கா? மேலே பார்த்த 2021ஐயும் 2024ஐயும் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் முழுவதும் விற்றவர் சரி, மற்றதில் விற்காதவர் சரி. எது வரும் என்று பங்குனியில் யாருக்கும் தெரியாது. எல்லை வரைக்கும் திரும்புவது இரண்டுக்கும் நடுவில் நிற்கும், மனதுக்கும் இலேசு. காசு சில வருடத்தில் தேவைப்படுமானால் மட்டும் நாற்பதுக்கே போகவேண்டும்.

ஆசிரியைக்கு இதைப் பொருத்தினால் வேலை எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள். முதலில் வருடம் முழுக்கச் சேமிப்புக் கணக்கில் சேர்ந்த 1 இலட்சத்து 20 ஆயிரம் வைப்புக்குப் போகிறது. மொத்தம் 16 இலட்சத்து 10 ஆயிரம். அதில் 45 வீதம் 7 இலட்சத்து 24 ஆயிரத்து 500. ஆகவே விற்கவேண்டியது 75,500 ரூபாவுக்கு மட்டும். கட்டணம் 846 ரூபா. வீங்கிய அந்த ஒரு பங்கிலிருந்தே எடுத்துவிடலாம். புதுக்காசை முதலில் போட்டுவிட்டு மீதிக்கு மட்டும் விற்பது என்ற இந்த ஒழுங்கு முக்கியம். மாற்றிச் செய்தால் 1 இலட்சத்து 29 ஆயிரத்துக்கு விற்றிருப்பார்.

வீங்கியது நகையானால்

பங்கில்லாதவர் பலர், தங்கம் உள்ளவர் எல்லோரும். 2023 முடிவில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 2,100 டொலருக்குள் இருந்த தங்கம் 2025 ஒக்டோபரில் 4,000 ஐத் தாண்டியது. ஆனால் பங்கை வெட்டுவதுபோல் தங்கத்தை வெட்ட முடியாது. கழுத்தில் போடும் தாலிக்கொடியும் பிள்ளைக்கென்று எடுத்து வைத்ததும் முதலீடு அல்ல, கணக்கிலேயே சேர்க்கக்கூடாது. காசாகவோ பிஸ்கட்டாகவோ வைத்திருப்பதைச் சேர்க்கலாம். நகையை விற்றால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி வேறு. 1.12 வீதத்தோடு ஒப்பிட முடியாத செலவு அது. ஆகவே தங்கத்துக்கு எல்லையை அகலமாக வைத்து, புதுக்காசு வழியையே நம்பவேண்டும்.

அடகு வைத்து அந்தக் காசை வைப்பில் போடுவது சரிக்கட்டுவது ஆகாது. தங்கத்தின் விலை ஏற்ற இறக்கம் முழுவதும் உங்களோடேயே இருக்கிறது, மேலே அடகு வட்டி வேறு ஏறுகிறது. அந்த வட்டி வைப்பு வட்டியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

எதிர்ப்பக்கம்: வைப்பு கையில் வராத வருடம்

பங்கு வீங்கும் வருடத்தில் விற்பது எளிது. பங்கு விழுந்து வைப்பு பெருத்த வருடத்தில்தான் திட்டம் முறியும். 2022 முடிவில் எண்ணெய்க்கு கியூ ஆர் அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்ற நாட்களில், சுமார் 29 வீதம் தந்த உண்டியலை விட்டுவிட்டுப் பங்கு வாங்கச் சொன்னால் யார் வாங்குவார்? மனத்தடை ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்க நினைத்தவருக்கும் காசு வைப்பில் பூட்டிக் கிடந்திருக்கும். இடையில் முறித்தால் ஒப்பந்த வட்டி கிடைக்காது, வங்கி குறைத்துத்தான் கணக்கிடும்.

இதற்கு வைப்பை ஒரே பத்திரமாக வைக்காமல் மூன்றாகப் பிரித்து, அதில் ஒன்று சித்திரை முதல் கிழமையில் முதிர்கிறபடி போடலாம். பார்க்கும் நாளையும் அதற்கே பொருத்திக்கொள்ளலாம். மார்ச் 31இல் வரி வருடமும் முடிந்திருக்கும். வைப்பு வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழ் என்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். கொடுக்க மறந்தால் பிடித்த பிறகுதான் தெரியவரும். காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கம் வட்டியைத் தவிர்த்து இலாபத்தைப் பங்கிடும் முதாரபா முதலீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் முதிர்வு நாள் விஷயத்தில் இதே கணக்குத்தான்.

முதிர்வு நாளுக்கு ஒரு கிழமைக்கு முன்பே வங்கிக்குப் போய், முதலைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுத்தில் அறிவுறுத்தல் இல்லையென்றால் பெரும்பாலான பத்திரங்கள் அன்றைய வட்டியில் இன்னொரு வருடத்துக்குத் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும். சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை கழிந்து பதினேழாம் பதினெட்டாம் திகதி போய்க் கேட்டால், காசு அடுத்த சித்திரை வரை உள்ளே இருக்கும்.